விரல் நுனியில் வண்டு

யாழ்ப்பாணப் பட்டினத்தில் தன் கழுத்தைத் தானே ஆகக் கூடுதலாகத் தடவிப் பார்த்த மனுசி யார் என்று ஒரு போட்டி வைத்திருந்தால், பழைய இரும்புக் கடை நௌபரின் மனைவி நிலூபாவுக்குத்தான் கோப்பை கிடைத்திருக்கும். சோறு வடிக்கும்போது ஒரு கை அகப்பையில், மறு கை கழுத்தில். பஸ்ஸில் ஒரு கை கம்பியில், மறு கை கழுத்தில். பக்கத்து வீட்டு ஜலீலா ராத்தா இதைப் பார்த்துவிட்டு, "புள்ளைக்குத் தொண்டையில மீன்முள்ளு. மூண்டு கிழமையா இறங்கேல்லை" என்று தெரு முழுக்கச் சொல்லி, நாலு வீட்டிலிருந்து வாழைப்பழம் வந்து சேர்ந்தது. வந்ததை நிலூபா வேண்டாமென்று சொல்லவில்லை. பழத்தை விழுங்கிவிட்டு மறுபடி கழுத்தில் கை வைத்தாள்.

முள் தொண்டையில் இல்லை, ஆங்கிலத்தில் இருந்தது.

நிலூபா ஏழு வருடமாகத் தொண்டர் ஆசிரியை. தொண்டர் என்றால் காலை ஏழரைக்குப் பள்ளிக்கூடத்தில் நிற்கவேண்டும், கையெழுத்து வைக்கவேண்டும், ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் ஆங்கிலம் படிப்பிக்கவேண்டும், விளையாட்டுப் போட்டிக்குச் சுண்ணாம்புக் கோடும் போடவேண்டும். ஆனால் ஆசிரியர் பட்டியலில் மட்டும் பெயர் இராது. ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து ஊரை விட்டுத் துரத்தப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்து, முப்பது தாண்டித் திரும்பி வந்தவள். தன் பெயர் எந்தப் பட்டியலில் உண்டு, எதில் இல்லை என்று தேடிப் பார்ப்பது அவளுக்குப் பழகிப்போன வேலை.

இந்தப் பட்டியலில் ஏறுவதற்கு ஒரு வழி வந்தது. ஆங்கில டிப்ளோமா முடித்த தொண்டர் ஆசிரியர்களையும் முன்பள்ளி ஆசிரியைகளையும் நிரந்தரமாக்கப் போகிறார்கள், சோதனை எழுதும்போது வயது மட்டும் நாற்பத்தைந்து ஆகியிருக்கக்கூடாது. நிலூபாவுக்கு வருகிற மாசியில் நாற்பத்தைந்து. டிப்ளோமாவில் எல்லாப் பாடமும் முடிந்துவிட்டது, ஒலியியல் என்ற ஒன்றைத் தவிர. அதிலும் எல்லாப் பகுதியும் முடிந்தது. மூன்றாம் பகுதி ஒன்றுதான் போன வருடம் காலை வாரிவிட்டது. இருபது கேள்வி, குறைந்தது பத்து எடுத்தாகவேண்டும். நிலூபா எடுத்தது ஏழு. கார்த்திகையில் வரும் சோதனைதான் கடைசி. அதையும் விட்டால் அப்புறம் வயது போய்விடும். போன வயதைத் திருப்பித் தரும் அரசாங்கக் கந்தோர் ஒன்றை இன்னும் யாரும் திறக்கவில்லை.

அந்த மூன்றாம் பகுதியின் கேள்விகள் பார்வைக்குப் பச்சைக் குழந்தை மாதிரி இருக்கும். நான்கு சொல். ஒவ்வொரு சொல்லின் வாலுக்கும் அடியில் ஒரு கோடு. மூன்று வால் ஒரே சத்தம் போடும், ஒன்று வேறு சத்தம் போடும். அந்த ஒன்றைப் பிடிக்கவேண்டும். வால் என்பது பன்மைக்கு வரும் எஸ், இல்லாவிட்டால் இறந்த காலத்துக்கு வரும் ஈ-டி. நம்முடைய ஆட்களுக்கு எஸ் என்றால் எங்கேயும் எஸ்தான். கப்ஸ் என்பார்கள், டோக்ஸ் என்பார்கள், இரண்டுக்கும் ஒரே வால்தான். கோப்பைகளும் நாய்களும் ஒரே வாலோடு திரிகின்றன என்று நம்பித்தான் நிலூபாவும் போன வருடம் ஏழு எடுத்தாள்.

இதற்கு மருந்து தருகிறவர் மானிப்பாயில் இருந்தார். அடைக்கலநாதன் மாஸ்ரர். ஓய்வு பெற்றவர், ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டு மாமரத்துக்குக் கீழே தகரக் கொட்டில் ஒன்றில் டிப்ளோமாக்காரருக்கு ஒலியியல் சொல்லிக் கொடுப்பார். அவருடைய குரல் சாதாரணக் குரல் இல்லை. அவர் வகுப்புக்குப் பெயர் கூப்பிட்டால் மானிப்பாய்ச் சந்தியில் பஸ் நின்றுவிடும் என்பார்கள். தன் பெயரைத்தான் யாரோ கூப்பிட்டார்கள் என்று ஒரு கொண்டக்டர் இறங்கியே வந்தார் என்றும் ஒரு கதை இருக்கிறது.

"எழுத்தைப் பாக்காதேங்கோ! எழுத்து பொய் சொல்லும்!" என்று மாஸ்ரர் முதல் நாளே முழங்கினார். "வாலுக்கு முன்னால நிக்கிற சத்தத்தைப் பாருங்கோ. அது கழுத்தை உலுப்பினா வாலும் உலுப்பும். அது உலுப்பாட்டி வாலும் உலுப்பாது. எல்லாரும் கழுத்தில ரெண்டு விரலை வையுங்கோ. பாம்பு மாதிரிச் சீறுங்கோ. ஸ்ஸ்ஸ். என்ன தெரியுது?"

"ஒண்டும் தெரியேல்லை சேர்."

"இப்ப வண்டு மாதிரி இரையுங்கோ."

முப்பத்தொரு பேரும் இரைந்தார்கள். பக்கத்து வளவில் கட்டியிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. ரோட்டால் போனவர்கள் மில் திறந்துவிட்டார்களாக்கும் என்று அரிசிப் பையோடு வந்து வாசல் படலையில் நின்றார்கள். அப்படிப்பட்ட இரைச்சல்.

"விரலில துடிக்குதோ?"

"ஓம் சேர்!"

"அவ்வளவுதான்! கப் எண்டதில கடைசி ப், கழுத்து சும்மா கிடக்கும். அதால கப்ஸ், பாம்பு வால். டோக் எண்டதில கடைசி க் துடிக்கும். அதால நாய்க்கு வண்டு வால். ஏற்கெனவே சீறுற சொல்லுகள் இருக்கு: பொக்ஸ், வொச், பிறிட்ஜ். அதுகளோட வால் நேர ஒட்டாது. நடுவில ஒரு 'இ' வந்து உக்காந்துகொள்ளும். பொக்ஸிஸ், வொச்சிஸ். ஈ-டியும் இதே கதைதான். வோக் எண்டா கடைசியில கழுத்து சும்மா, அதால வோக்ட், டக்கெண்டு வெட்டி விழும் ட். லவ் எண்டா கழுத்து துடிக்கும், அதால ஈ-டியும் துடிச்சு மெத்தெண்டு விழும். முதலே இந்த ரெண்டு விதமான ட்-இல ஒண்டில முடிஞ்ச சொல்லெண்டா நடுவில இ: வோண்டிட், நீடிட். ஆரும் இதைப் பாடமாக்கத் தேவையில்லை. கழுத்து பொய் சொல்லாது!"

வகுப்பில் வண்டைப் பிடிப்பதுதான் பெரும்பாடாய் இருந்தது. எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தத்துக்கு எழுத்தும் இல்லை, பழக்கமும் இல்லை. கொக்குவிலிலிருந்து வரும் உதயகலா, முன்பள்ளி ஆசிரியை, வண்டைப் பிடிக்கப் போய் ஒவ்வொரு முறையும் பாம்பைத்தான் பிடித்தாள்.

"ஸ்ஸ்," என்றாள்.

"அது பாம்பு பிள்ளை. வண்டு!"

"ஸ்ஸ்ஸ்ஸ்."

"இது பெரிய பாம்பு!"

நிலூபா வாயைத் திறந்தாள். வந்தது பாருங்கள் ஒரு வண்டு! கொட்டிலின் தகரம் அதிர்ந்து, மாங்காய் ஒன்று விழுந்தது. அவள் ஏழு வயதில் ஓதப் பள்ளியில் குர்ஆன் ஓதியவள். அங்கே லெப்பை பிரம்போடு நின்று இந்த இரண்டு சத்தத்தையும் வேறு வேறாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். அரபியில் இரண்டுக்கும் இரண்டு எழுத்து; ஒன்றை மற்றதாக ஓதினால் பிரம்பு பேசும். ஆங்கிலத்துக்கென்று யாரும் கற்றுக்கொடுக்காத வண்டு, அவள் தொண்டையில் முப்பத்தேழு வருடமாகக் குடியிருந்திருக்கிறது.

"கேட்டியளோ! கேட்டியளோ!" மாஸ்ரர் கதிரையில் ஏறாத குறை. "இதுதான் சத்தம். நிலூபா, உமக்கு ஒரு ரூலும் தேவையில்லை. உம்மடை விரல் சொல்லுறதை எழுதும்."

அந்த வார்த்தையை நிலூபா தாயத்து மாதிரிக் கட்டிக்கொண்டாள்.

உதயகலாவோ வண்டுக்கு ஆசைப்படுவதை விட்டுவிட்டாள். கொப்பியின் பின்பக்கத்தில் துடிக்காத சத்தங்களையெல்லாம் எழுதி, அவற்றைப் பிள்ளையார் கோயில் பஜனை மெட்டில் பாடமாக்கினாள். ப், ட், க், ஃப், த். ஈ-டிக்கு இன்னொரு பாட்டு. பஸ்ஸில் நிலூபாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தலையை ஆட்டி ஆட்டிப் பாடுவாள்.

"கலா, நீ சோதினைக்குப் போறியோ, காவடிக்குப் போறியோ?"

"சிரியுங்கோ அக்கா, சிரியுங்கோ. உங்கடை கழுத்துக்குள்ள மெசின் பூட்டிக் கிடக்கு. எனக்கு இந்தப் பாட்டுத்தான். நீங்களும் ஒருக்காப் பாடமாக்கி வையுங்கோவன். தேவைப்பட்டா உதவும்."

"எனக்கு ஏனடி? விரல் சொல்லுமே."

வீட்டிலும் அப்படித்தான். நௌபரின் கடையில் எடைக்கு வந்த இரும்புச் சாமான்கள் முழுவதும் ஆங்கிலத்தில் பன்மையாகின. பைப்ஸ், பாம்பு. ரொட்ஸ், வண்டு. ஹின்ஜிஸ், இடையில் இ. நௌபர் தராசில் படியை வைத்தபடி பார்த்துக்கொண்டிருப்பான்.

"நிலூ, தொண்டையைத் தொட்டுத் தொட்டு நீ சொல்லுறதைப் பாத்து, வாற ஆக்கள் நான் உன்னைக் கழுத்தை நெரிச்சுப் போட்டன் எண்டு நினைக்கினம்."

"நினைக்கட்டும். உங்களைப் பிடிச்சுக்கொண்டு போனா எனக்கு ஆறுதலாப் படிக்கலாம்."

"பாஸ் பண்ணினா முதல் சம்பளத்தில என்ன வாங்கித் தருவாய்?"

"ஒரு பெயர்ப்பலகை. நிலூபா ரீச்சர் புருசன் இரும்புக் கடை எண்டு."

நௌபர் வாய்விட்டுச் சிரித்தான். ஆனால் சோதனைக்கு முதல் வாரம் முழுவதும், அவள் படிக்கிறாள் என்று இரும்பை வீசிப் போடாமல் பிள்ளையைத் தூக்கி வைப்பதுபோல் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தான். அவர்கள் இருந்த சோனகதெருவில் சத்தமில்லாத இரும்புக் கடை அந்த ஒரு வாரம் மட்டும்தான் நடந்தது.

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை. கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சோதனை. ஐம்பது மேசை. நிலூபாவுக்கு மூன்றாம் வரிசையில் இடம், உதயகலாவுக்குக் கதவோரம். மேற்பார்வையாளர் முத்துக்குமாரு. நேர்மையான மனுசன், அதில் குறை சொல்ல முடியாது. அவருடைய சோதனை மண்டபத்தில் ஒரு முறை பல்லி சத்தம் போட்டதற்கு அதை வெளியே போகச் சொன்னவர் என்று கேள்வி.

முதல் இரண்டு பகுதியும் வழுக்கிக்கொண்டு போயின. மூன்றாம் பகுதி வந்தது. முதல் கேள்வி: கப்ஸ், கட்ஸ், டோக்ஸ், புக்ஸ். நிலூபா சிரித்துக்கொண்டு, தலையை மூடியிருந்த சீலைக்குள்ளே விரலை விட்டு, கழுத்தில் வைத்து, வாய்க்குள்ளே மெல்ல இரைந்தாள். அந்த நேரம் பார்த்து மாஸ்ரரின் மற்றப் பிள்ளைகளும் மூன்றாம் பகுதிக்கு வந்துவிட்டார்கள். அங்கொரு வண்டு, இங்கொரு வண்டு. ஒரு நிமிசத்தில் மண்டபம் முழுவதும் ம்ம்ம் என்று எழும்பியது. யன்னல் கண்ணாடி பதறியது.

முத்துக்குமாரு மேடையில் எழுந்து நின்றார்.

"இதென்ன, சோதினை மண்டபமோ, தேன்கூடோ? ஆரும் சத்தம் போடப்படாது. வாயால ஒரு சத்தம் வந்தாலும் விடைத்தாளை வாங்கிப்போடுவன்!"

கூடு அடங்கியது. பலருடைய கை கழுத்திலிருந்து இறங்கியது.

நிலூபாவின் கை இறங்கவில்லை. சத்தம்தானே கூடாது? அவள் மூச்சால் மட்டும் சொல்லிப் பார்த்தாள், காற்றுக்கும் கேட்காத குசுகுசுப்பில். கப்ஸ். விரலில் ஒன்றும் இல்லை. சரி. கட்ஸ். ஒன்றும் இல்லை. சரி. டோக்ஸ். ஒன்றும் இல்லை.

திரும்பவும் சொன்னாள். டோக்ஸ். கழுத்து செத்துக் கிடந்தது.

நாய்க்கு வண்டு வால் என்று வகுப்பில் ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறாள். ஒருவேளை இவ்வளவு நாளும் பிழையாகத்தான் இரைந்தாளோ? விரல் சொல்வதை எழுதச் சொன்னவரும் மாஸ்ரர்தான், விரலோ இல்லை என்கிறது. அடுத்த கேள்விக்குப் போனாள். வோக்ட், பெக்ட், வொஷ்ட், ஸ்டொப்ட். எல்லாம் டக்கென்று வெட்டி விழுந்தன. ஒன்றுகூடத் துடிக்கவில்லை. அடுத்தது: லாஃப்ட், கொஃப்ட், ப்ளவ்ட், ரூஃப்ட். ஒரே வால், ஒரே சத்தம், நாலு பாம்பு. கேள்வித்தாளில்தான் பிழையாக்கும் என்று ஒரு கணம் நினைத்தாள். உலகத்தில் உள்ள வண்டெல்லாம் ஒரே நேரத்தில் எங்கே செத்துப்போயின?

நடுவில் 'இ' வருகிற சொற்கள் மட்டும் தப்பின. லேம்ப்ஸ், பொக்ஸிஸ், கப்ஸ், புக்ஸ் என்றால் பெட்டிக்கு ஒரு துண்டு கூட வருகிறது. அது குசுகுசுப்பிலும் நாக்கில் தெரிந்தது. விக்கிட் என்றதிலும் தெரிந்தது. எழுத்தில் கிக்ட், பிக்ட் மாதிரியே இருந்தும் அது மட்டும் இரண்டு துண்டாக விழுந்தது. அப்படி எட்டுக் கேள்வியைப் பிடித்துவிட்டாள். எட்டு. இன்னும் இரண்டு வேண்டும். மீதி பன்னிரண்டிலும் பாம்புகள் சுருண்டு கிடந்தன.

உதயகலாவை எட்டிப் பார்த்தாள். அவள் உதடு அசையாமல் தலையை மட்டும் மெல்ல மெல்ல ஆட்டிக்கொண்டு எழுதிக்கொண்டே போனாள். அந்தப் பாட்டின் முதலடி என்ன? ப், ட்... அப்புறம்? பஸ்ஸில் நூறு தரம் காதில் விழுந்த பாட்டு. மெட்டு முழுவதும் நினைவில் இருந்தது, எழுத்து ஒன்றும் வரவில்லை.

நிலூபா கையை உயர்த்தினாள்.

"சேர், பாத்றூமுக்குப் போகவேணும்."

ஆறு சொல்லை மனதில் போட்டுக்கொண்டாள். டோக்ஸ், பெக்ட், ப்ளவ்ட், இன்னும் மூன்று. பெண் உதவியாளர் மேர்சி கூடப் போனாள். கக்கூஸ் மண்டபத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே. கதவைச் சாத்தி, சுவரோடு சாய்ந்து, சீலைக்குள் விரலை விட்டு, கொஞ்சம் குரல் கொடுத்து, "டோக்ஸ்" என்றாள்.

துடித்தது! விரல், கை, முழங்கை எல்லாம் துடித்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "கப்ஸ்" என்றாள். அதுவும் துடித்தது. "கட்ஸ்." துடித்தது. வாயை மூடிக்கொண்டு சும்மா நின்றாள். அதற்கும் துடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சுவர், கதவு, வாளி, நிலூபா எல்லாம் சேர்ந்து நடுங்கின. மண்டபத்தில் எல்லாம் பாம்பு. இங்கே எல்லாம் வண்டு.

வெளியே மேர்சி கதவில் தட்டினாள்.

"ரீச்சர், ஆரோட கதைக்கிறியள்?"

"ஒருத்தரோடையும் இல்லை."

"டோக்ஸ் எண்டு சொன்னியள். எனக்குக் கேட்டது."

கதவு திறந்தபோது நிலூபாவின் கை இன்னும் சீலைக்குள் கழுத்தில் இருந்தது. மேர்சி அந்தக் கையைப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்த மாற்றத்தை நிலூபாவும் பார்த்தாள். கையை எடுத்திருக்கலாம். எடுக்கத் தோன்றவில்லை.

முத்துக்குமாரு வாசலில் வைத்தே விசாரித்தார், தாழ்ந்த குரலில்தான், மரியாதையோடுதான்.

"ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. போன மாசம் வேற இடத்தில ஒரு பெடியன் காதுக்குள்ள சின்னச் சாமான் ஒண்டு வைச்சுப் பிடிபட்டவன். அதுக்குப் பிறகு எங்களுக்கும் கடுமையான ஓடர். மேர்சி ஒருக்கா உங்கடை காதைப் பாக்கோணும்."

"காலமை உள்ளுக்க வரேக்க பாத்தவதானே சேர்."

"ஓம். இப்ப திரும்பப் பாக்கோணும். கழுத்தில கை வைச்சுக்கொண்டு கதைச்சதெண்டு சொல்லுறா. பாக்காட்டி நான் மேலிடத்துக்கு எழுதவேண்டி வரும்."

"அது... சேர், அது துடிக்குதோ எண்டு பாத்தனான்."

"என்ன துடிக்குதோ எண்டு?"

ஒலியியல் முழுவதையும் வாசல்படியில் நின்று விளங்கப்படுத்த அவளால் முடியவில்லை. "டோக்ஸ்" என்றாள், ஈனக் குரலில். முத்துக்குமாரு நல்ல மனுசன், வெளியே எங்கேயாவது நாய் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

பக்கத்து அறையில் மேர்சி சீலையின் ஊசிகளைக் கழற்றினாள். ஏழு ஊசி. இடது காது, வலது காது, கழுத்து. ஒன்றும் இல்லை. "கோவிக்காதேங்கோ அக்கா, எனக்கும் இது ஒரு வேலை" என்று மேர்சி தன் கையாலேயே ஊசிகளைத் திருப்பிக் குத்த வெளிக்கிட்டாள். அவளுக்குக் குத்தத் தெரியவில்லை. கண்ணாடியும் இல்லை. நிலூபா தானே குத்தப் பார்த்தாள். ஊசி விழுந்தது, எடுத்தாள், திரும்ப விழுந்தது. ஏழாவது ஊசி கடைசிவரை கிடைக்கவில்லை.

மண்டபத்துக்குள் வந்து இருந்தபோது பத்து நிமிசம் மிச்சம். மனதில் போட்டு வைத்த ஆறு சொல்லும் எங்கோ போயிருந்தன. பன்னிரண்டு கேள்விக்கும் கண்ணை மூடிக்கொண்டு கோடு போட்டாள். நாலுக்கு ஒன்று என்று பார்த்தாலும் மூன்று விழவேண்டும் என்று கணக்கு ஒரு பக்கம் ஆறுதல் சொன்னது. கணக்கு அன்று அவள் பக்கம் நின்றதா என்பது தை மாதம் கைப்பேசியில் தெரிந்தது.

ஒன்பது.

நௌபர் கைப்பேசியை வாங்கிக் கீழே மேலே தள்ளிப் பார்த்தான், ஒன்பதுக்குப் பக்கத்தில் இன்னொரு இலக்கம் ஒளிந்திருக்கும் என்பதுபோல.

"நான் போய்க் கேக்கிறன். உன்ரை தலைச்சீலையைக் கழட்டி நேரத்தைத் திண்டுபோட்டு..."

"ஆரிட்டக் கேப்பியள்? அந்த மனுசன் தன்ரை வேலையைச் செய்தவர். கேள்வியும் சரி. மறுமொழிதான் பிழை."

"ஒரு மாக்ஸ் நிலூ. ஒரேயொரு மாக்ஸ்."

"மாக்ஸ்," என்றாள் அவள், பழக்க தோசத்தில். "பாம்பு." பிறகு முகத்தை மூடிக்கொண்டாள். நௌபர் கடைக்குப் போய் அன்றைக்கு வந்த இரும்பையெல்லாம் ஊருக்குக் கேட்க வீசிப் போட்டான்.

மானிப்பாயில் அடைக்கலநாதன் மாஸ்ரர் கதையைக் கேட்டு முடித்ததும் கதிரையில் அப்படியே பின்னுக்குச் சாய்ந்துவிட்டார். வகுப்பில் இவளோடு இன்னும் எட்டுப் பேர் அதே குழியில் விழுந்திருந்தார்கள்.

"குசுகுசுத்தனீரோ?"

"சத்தம் போடப்படாதெண்டார் சேர்."

"குசுகுசுத்தா கழுத்து துடிக்காது பிள்ளை. ஆருக்கும் துடிக்காது. அதுதான் குசுகுசுப்பு. உள்ளுக்குள்ள கிடக்கிற நாண் ரெண்டும் சும்மா கிடக்கும், காத்து மட்டும்தான் போகும். வண்டைக் குசுகுசுத்தா வாறது பாம்புதான்." அவருடைய குரல் முதன்முதலாகப் படலையைத் தாண்டாமல் நின்றது. "நான் அதைச் சொல்லேல்லை. நான் பிறந்த காலத்தில இருந்து குசுகுசுத்ததில்லை. அது எனக்கு நினைவிலேயே வரேல்லை."

நிலூபாவுக்குக் கோபம் வரவேண்டும் என்று அவளுக்கே தெரிந்தது. வரவில்லை. அறுபத்தெட்டு வயது மனுசன், வாயைப் பொத்திக்கொண்டு தன் கழுத்தில் கை வைத்து, மூச்சால் "டோக்ஸ், டோக்ஸ்" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை.

"மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதட்டோ?" என்றார்.

"என்னெண்டு எழுதுவியள் சேர்?"

அவர் பேனையை எடுத்துத் திறந்தார். திரும்ப மூடி வைத்தார். கடிதம் எழுதப்படவில்லை.

மாசி வந்தது, நாற்பத்தைந்தும் வந்தது. பங்குனியில் நியமனங்கள் வந்தன. அந்த மூன்றாம் பகுதியில் உதயகலாவுக்குப் பதினாறு. வாழ்க்கையில் ஒரு வண்டைக்கூடப் பிடிக்காமலே. எந்தப் பள்ளிக்கூடம் என்று கடிதத்தைப் பிரித்துப் பார்த்தவள் அன்றைக்குப் பின்னேரமே பஸ் ஏறிச் சோனகதெருவுக்கு வந்து, நிலூபாவின் வாசலில் நின்று அழத் தொடங்கினாள். நிலூபாவுக்கு அவள் சொல்லாமலே விளங்கிவிட்டது.

"என்ரை பள்ளிக்கூடமோ?"

"நான் கேக்கேல்லை அக்கா. சத்தியமாக் கேக்கேல்லை. அவங்களாத்தான் போட்டவங்கள். நான் வேண்டாமெண்டு எழுதிக் குடுக்கட்டோ?"

"விசரே? வேண்டாமெண்டா உனக்குத் திரும்ப எப்ப வரும்? எனக்குத்தான் அதைத் தருவாங்களோ? உள்ளுக்க வா. தேத்தண்ணி குடி."

நிரந்தர ஆசிரியை வந்தால் தொண்டருக்கு அங்கே வேலை இல்லை. அது யாரும் எழுதி வைக்காத சட்டம். அதிபர் நிலூபாவை அழைத்து, ஏழு வருடச் சேவைக்கு ஒரு சுவர்க் கடிகாரம் தந்து, இனி ரீச்சர் ஓய்வெடுக்கலாம் என்றார். ஓய்வு கேட்காதவளுக்கு ஓய்வு கிடைத்தது.

கடைசி நாள் அவள் ஏழாம் வகுப்பை உதயகலாவிடம் ஒப்படைத்தாள். யார் கண்ணாடி போடவேண்டியவன், யார் காலைச் சாப்பாடில்லாமல் வருகிறவள், எந்த வாங்கின் கால் ஆடும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அஸாம் என்றவனை முன்வாங்கில் வைத்திருக்கச் சொன்னாள். பின்னால் விட்டால் வகுப்பை விற்றுவிடுவான். பிறகு உதயகலா அன்றைய பாடத்தைத் தொடங்கினாள். பன்மை. கரும்பலகையில் எழுதினாள். அழகான எழுத்து.

"டோக்ஸ்," என்றாள் உதயகலா.

"டோக்ஸ்," என்றது வகுப்பு, முப்பத்தாறு பாம்புகள்.

உதயகலா திரும்பிக் கதவடியில் நின்றவளைப் பார்த்தாள். காது சிவந்திருந்தது.

"அக்கா... ஒருக்கா நீங்கள் சொல்லிக் காட்டுங்கோவன்."

நிலூபா கடிகாரத்தை மற்றக் கைக்கு மாற்றினாள். கழுத்தைத் தொடாமலே சொன்னாள். வகுப்பு வாயைப் பிளந்தது. அஸாம் எழும்பி, "ரீச்சர், இன்னொருக்கா!" என்றான். அவள் இன்னொருக்காவும் சொன்னாள். அதற்கு மேலே நிற்க அவளுக்கு உரிமை இல்லை. ஆசிரியர்கள் வரவுக்குக் கையெழுத்து வைக்கும் புத்தகத்தில் அன்றைக்கு அவள் கையெழுத்துக்கு இடமும் விட்டிருக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, வெயிலில் மைதானத்தைக் குறுக்காகக் கடந்தாள். பின்னால் வகுப்பில் பிள்ளைகள் அதைச் சொல்ல முயன்றுகொண்டிருந்தார்கள். சிலருக்கு வந்தது, சிலருக்கு வரவில்லை. யாருக்கு வந்தது என்று காதால் கேட்டுப் பிரித்துச் சொல்ல அங்கே இனி ஒருவரும் இல்லை.